சுருட்டை முடியும் மூன்று பாஸ்போர்ட் படங்களும்

என் முடி அடர்த்தியான சுருட்டை முடி. அவிழ்த்துவிட்டால் தலையின் இரண்டு பக்கமும் தோள் அகலத்துக்கு விரியும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க விண்ணப்பித்தபோது இந்த முடியால் என் படம் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டது. மூன்றாவது படம்தான் ஏற்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் எது தவறாகப் போனது, கடைசியில் என்ன செய்தேன் என்பதை என்னைப் போன்ற முடி உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் படத்துக்கு முடியை அவிழ்த்துவிட்டபடியே போனேன். அன்று காலைதான் தலைக்குக் குளித்திருந்தேன். கண்ணாடியில் பார்க்க அழகாகவே இருந்தது. சில நாட்களில் படம் விதிமுறைப்படி இல்லை என்று பதில் வந்தது. காரணம் சொல்லப்படவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது. வலது பக்கம் ஒரு சுருள் நெற்றியிலிருந்து இறங்கிப் புருவத்தின் வால் பகுதியை மறைத்திருந்தது. இரண்டு கன்னங்களின் ஓரத்திலும் முடியின் நிழல் கருமையாக விழுந்து, முகம் எங்கே முடிகிறது, முடி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பின்னால் இருந்த வெள்ளைச் சுவரிலும் முடியின் நிழல் புகை படிந்ததுபோல் தெரிந்தது.

பாஸ்போர்ட் படத்தில் முடி எந்த அலங்காரத்தில் இருக்கிறது என்பது யாருக்கும் முக்கியமில்லை. அது எதை மறைக்கிறது என்பதுதான் கேள்வி. இரண்டு கண்களும் முழுமையாகத் தெரிய வேண்டும். நெற்றியோரம் முதல் தாடை வரை முகத்தின் விளிம்பு தெளிவாக இருக்க வேண்டும். முகத்திலோ பின்னணியிலோ நிழல் விழக் கூடாது. பிறகு முடியை வெட்டிக்கொள்ளலாம், நீளமாக வளர்க்கலாம், சாயம் பூசலாம். முகத்தை அடையாளம் காண முடிகிற வரை அதனால் தொல்லை இல்லை.

திரும்பவும் ஸ்டூடியோவுக்குப் போனேன். கணினியில் அந்தச் சுருளை அழித்துப் பின்னணியையும் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். செய்தும் காட்டினார்கள். சுருட்டை முடியின் மெல்லிய நுனிகளை அந்த மென்பொருளால் பிரித்தறிய முடியவில்லை. தலையைச் சுற்றிக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியதுபோல் ஒரு விளிம்பு. அங்கங்கே பூச்சி அரித்ததுபோல் பள்ளங்கள். அது நன்றாக வந்திருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். முகத் தோற்றத்தைத் திருத்திய படங்களைப் பாஸ்போர்ட் அலுவலகங்கள் ஏற்பதில்லை. முடியில் செய்ய வேண்டியதை முடியில்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது படத்துக்கு முடி முழுவதையும் வாரி எடுத்து உச்சியில் கொண்டையாகப் போட்டேன். முகம் துல்லியமாகத் தெரிந்தது. நிழல் இல்லை. இதில் குறையே இருக்காது என்று நம்பினேன். அதுவும் திரும்பி வந்தது.

இந்த இரண்டாவது தவறை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அடர்ந்த முடி உள்ளவர்கள் பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பல நாடுகளில் பாஸ்போர்ட் படத்தின் அளவு 35 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரம். முகம் அந்த உயரத்தில் 70 முதல் 80 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வழிகாட்டுதல். அதாவது தாடை நுனியிலிருந்து உச்சந்தலை வரை ஏறத்தாழ 32 முதல் 36 மில்லிமீட்டர். இங்கே உச்சந்தலை என்பது முடியின் உச்சி அல்ல. முடியே இல்லை என்று வைத்துக்கொண்டால் மண்டை எங்கே முடியுமோ, அந்த இடம்.

படம் எடுத்தவர் கொண்டையின் உச்சியிலிருந்து அளந்திருந்தார். நான் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். கொண்டை நுனியிலிருந்து தாடை வரை 34 மில்லிமீட்டர். அவர் கணக்கில் அது சரி. ஆனால் கொண்டை மட்டுமே 8 மில்லிமீட்டர். அதைக் கழித்தால் என் தலை 26 மில்லிமீட்டர்தான். 45-இல் 26 என்றால் 58 சதவீதம்கூட முழுதாக வரவில்லை. கொண்டையைப் படத்துக்குள் கொண்டுவரக் கேமராவைப் பின்னால் தள்ளியதில் என் முகம் சுருங்கிவிட்டது. உச்சிக் கொண்டையும் உயரமாகத் தூக்கிக் கட்டிய குதிரைவாலும் இந்த ஒரு காரணத்தாலேயே இந்தப் படத்துக்கு ஆகாது. உங்கள் நாட்டின் அளவு வேறாக இருக்கலாம். எந்த அளவானாலும், முடியை விட்டுவிட்டு மண்டையிலிருந்து அளக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது முறை அக்காவை உதவிக்கு அழைத்தேன். அவளுக்கும் இதே முடி. "முடியை மேலே தூக்காதே, பக்கத்திலும் விடாதே. எல்லாவற்றையும் பிடரிக்குக் கொண்டுபோ. நேரே நின்றால் கழுத்துக்குப் பின்னால் மறைந்துவிடும்" என்றாள். அதைத்தான் செய்தோம்.

படம் எடுப்பதற்கு முந்தைய நாளே தலைக்குக் குளித்துக் கண்டிஷனர் போட்டேன். அன்றைக்கே குளித்தால் முடி வழுக்கும், ஹேர்பின் நிற்காது, காய்ந்ததும் பிசிறுகள் எழும்பி நிற்கும். எண்ணெய் வைக்கவில்லை. எண்ணெய் பிசிறை அடக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது நெற்றியோரத்துக்கு இறங்கி, ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெள்ளைத் திட்டாக மின்னும்.

மறுநாள் படம் எடுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அக்கா முடியில் தண்ணீர் தெளித்து, ஈரப்பதத்தில் விரல்களாலேயே சிக்கெடுத்தாள். சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில் சீப்பால் வாரினால் சுருள்கள் பிரிந்து பஞ்சுபோல் உப்பிவிடும். பிளாஸ்டிக் சீப்பு என்றால் உராய்வில் நிலைமின்னேற்றம் உண்டாகி ஒவ்வொரு முடியும் தனித்தனியாக எழுந்து நிற்கும். பிறகு வகிடு எடுத்து, இரண்டு பக்கமும் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், பிடரியில் தாழ்வாக ஒரு கொண்டை போட்டாள். கொண்டையை உருண்டையாகத் திரட்டாமல் தட்டையாகப் பரப்பிப் பின் குத்தினாள். உருட்டினால் கழுத்தின் இரு பக்கமும் எட்டிப் பார்க்குமாம். பின்கள் எல்லாம் கறுப்பு, பளபளப்பு இல்லாதவை. உலோகப் பின் ஒன்று முன்பக்கம் இருந்தாலும் ஃபிளாஷில் புள்ளியாக மின்னும்.

இரண்டு காதுகளையும் வெளியே விடச் சொன்னாள். எல்லா இடங்களிலும் காது தெரிய வேண்டும் என்ற விதி கிடையாது. ஆனால் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினால் கன்னத்தின் ஓரம் தானாகத் திறந்துகொள்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஒதுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் நேராக நின்றாலும் தலை ஒரு பக்கம் திரும்பியதுபோல் படத்தில் தோன்றும்.

அதிக நேரம் எடுத்தது நெற்றியோரத்துக் குட்டி முடிகள்தான். அவற்றை எந்தப் பின்னும் பிடிக்காது. பழைய மென்மையான பல்துலக்கி ஒன்றில் பயறளவு ஜெல்லைத் தடவி, முடி வளரும் திசையிலேயே மெல்லப் படியவைத்தோம். ஜெல்லை நேரடியாக நெற்றியில் வைத்தால் அளவு மீறிவிடும். ஈர ஜெல்லும் எண்ணெயைப் போலவே மின்னும். அதனால் இருபது நிமிடம் காயவிட்டு, நெற்றியில் ஒட்டியிருந்ததைத் துணியால் ஒற்றி எடுத்தோம். முதலில் அக்கா கொண்டையை இறுக்கிவிட்டாள்; நெற்றிப்பொட்டு இழுபட்டுப் புருவம் தூக்கியதுபோல் ஆனது. சற்றுத் தளர்த்திக் கட்டினோம்.

வீட்டிலேயே ஒரு சோதனைப் படம் எடுத்தோம். வெள்ளைச் சுவர் முன் நிற்கவைத்து, ஃபிளாஷ் போட்டு எடுத்து, பெரிதாக்கிப் பார்த்தோம். புருவத்துக்கு மேலே, கன்னத்தின் இரு ஓரங்கள், கழுத்துக்குப் பக்கத்தில் என்று மூன்று இடங்களை மட்டும் பார்த்தோம். இடது காதுக்கு மேலே ஒரு கற்றை தப்பித்து நின்றது; ஒரு பின் போட்டோம். தலைக்கு மேலே மிக நுண்ணிய பிசிறுகள் நாலைந்து தெரிந்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டோம். முகத்தையும் அதன் விளிம்பையும் தொடாத பிசிறுகளுக்காகத் தலையை ஜெல்லில் முக்க வேண்டியதில்லை.

ஸ்டூடியோவில் நான் கேட்டுக்கொண்டவை இரண்டு. சுவரிலிருந்து ஒரு மீட்டராவது முன்னால் நிற்கிறேன் என்றேன். சுவரை ஒட்டி நின்றால் என்ன வாரினாலும் முடியின் நிழல் பின்னால் விழும். வெளிச்சம் இரண்டு பக்கமும் சமமாக முன்னாலிருந்து வரட்டும் என்றேன். உச்சியிலிருந்தோ பின்னாலிருந்தோ வந்தால் ஒவ்வொரு பிசிறும் ஒளிக்கம்பிபோல் மின்னும். எடுத்த படத்தை அங்கேயே அளந்தேன். இந்த முறை மண்டை உச்சியிலிருந்து தாடை வரை 33 மில்லிமீட்டர். படம் ஏற்கப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து அம்மாவுக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டியிருந்தது. அவருடைய சிக்கல் என்னுடையதற்கு நேர்மாறு. முடி முழுவதும் வெள்ளை, மெல்லியது. வெள்ளைச் சுவர் முன் நின்றதும் முடியும் சுவரும் ஒன்றாகக் கலந்து, தலை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. வாரி என்ன பயன்? அந்த அட்டைக்கான விதியில் வெளிர் நிறப் பின்னணி என்றுதான் இருந்தது. வெள்ளைதான் வேண்டும் என்று இல்லை. வெளிர் சாம்பல் திரைக்கு முன் நிறுத்தி எடுக்கச் சொன்னேன். அம்மாவின் வகிடும் காதோரத்து வெள்ளை முடியும் தனித்தனியாகத் தெரிந்தன. அம்மா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என் அம்மா மாதிரியே இருக்கிறேன்" என்றார்.