ஆடி மாதத்தில் மட்டும் உயிர் பெறும் வீடியோ: 214 பழைய வீடியோக்களைக் கணக்கெடுத்த அனுபவம்

மாடித்தோட்டம் பற்றி 2017 முதல் யூடியூபில் போட்டு வருகிறேன். இந்த பிப்ரவரியில் எண்ணிப் பார்த்தபோது 214 வீடியோக்கள் சேர்ந்திருந்தன. சிலவற்றில் சொன்ன விலை இன்று இல்லை. சிலவற்றில் சொன்ன முறையை நானே கைவிட்டுவிட்டேன். எதைத் திருத்துவது, எதைப் பட்டியலிலிருந்து எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று ஒருமுறை உட்கார்ந்து முடிவு செய்துவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

முதல் நாள் யூடியூப் ஸ்டூடியோவில் கடைசி 28 நாள் கணக்கை எடுத்து, குறைந்த பார்வையிலிருந்து வரிசைப்படுத்தினேன். "ஆடிப்பட்டம் 2019: என்ன விதைக்கலாம்" என்ற வீடியோ 31 பார்வையோடு கிட்டத்தட்ட அடியில் கிடந்தது. எடுத்துவிட வேண்டியதுதான் என்று குறித்தும் வைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. பிப்ரவரியில் யார் ஆடிப்பட்டத்தைத் தேடப் போகிறார்கள்?

28 நாள் கணக்கு பருவத்தை மறைத்துவிடுகிறது. மொத்த ஆயுள் கணக்கும் உதவாது, ஏனென்றால் 2018 வீடியோ ஆறேழு வருடமாகப் பார்வை சேர்த்திருக்கும். அது இப்போதும் ஓடுகிறதா என்று அந்தக் கூட்டுத்தொகை சொல்லாது. அதனால் மாத வாரியாக மூன்று வருடம் எடுத்தேன். Advanced mode-இல் ஜனவரி 2022 முதல் டிசம்பர் 2024 வரை ஒவ்வொரு மாதமாகத் தேர்ந்தெடுத்து ஏற்றுமதி செய்தால் ஒரு ஜிப் இறங்கும். அதற்குள் இருக்கும் `Table data.csv` தான் தேவை. 36 முறை செய்ய வேண்டும். இரண்டு மாலைப் பொழுது போனது. 500 வீடியோவுக்கு மேல் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அந்த அட்டவணையில் 500 வரிசைதான் வரும்.

36 கோப்புகளையும் வீடியோவின் ஐடியை வைத்துப் பொருத்தினேன். தலைப்பை வைத்துப் பொருத்தினால் இடையில் தலைப்பு மாற்றிய வீடியோக்கள் இரண்டாகப் பிரிந்துவிடும். A-இல் ஐடி, B-இல் தலைப்பு, C முதல் AL வரை 36 மாதங்கள். பிறகு ஒரே ஒரு கணக்கு, 2024-ஐ 2023-ஆல் வகுப்பது:

```
=SUM(AA2:AL2)/SUM(O2:Z2)
```

ஒரு முழு வருடத்தை இன்னொரு முழு வருடத்தோடு வைப்பதால் பருவம் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். 1-ஐ ஒட்டி வந்தால் வீடியோ நிலையாக இருக்கிறது. 0.7-க்குக் கீழே போனால் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

இப்போது அந்த ஆடிப்பட்ட வீடியோ வேறு முகம் காட்டியது. வருடம் முழுக்கப் படுத்திருந்து ஜூலையில் மட்டும் எழுகிறது. ஜூலை 2022-இல் 3,400 பார்வை, 2023-இல் 3,100, 2024-இல் 1,900. விகிதம் 0.6. சாகவில்லை, ஆனால் நோய் பிடித்திருக்கிறது. ஜூலை மாதங்களை மட்டும் தனியாகத் திறந்து பார்த்தேன். தேடலில் வீடியோ முன்னால் வந்து நின்ற எண்ணிக்கை, அதாவது இம்ப்ரஷன், பெரிதாகக் குறையவில்லை. கிளிக் விகிதம்தான் 6.1 சதவீதத்திலிருந்து 3.8-க்கு இறங்கியிருந்தது. ஆக, யூடியூப் காட்டுகிறது, மக்கள்தான் தாண்டிப் போகிறார்கள். காரணம் தலைப்பிலேயே இருந்தது. தம்ப்நெயிலில் மஞ்சள் எழுத்தில் பெரிதாக "2019". 2024-இல் விதை வாங்க நிற்பவர் அதை ஏன் தொடுவார்? உள்ளே சொன்னது எதுவும் பழசாகவில்லை. வெண்டை, கத்தரி, அவரை, பீர்க்கை எல்லாம் இன்றும் அதே பட்டம்தான்.

மே மாதம் தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் இருந்த வருடத்தை எடுத்தேன். வேறு எதையும் தொடவில்லை. சேர்த்து நாலைந்து மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்று பிறகு தெரியாது. இந்த ஜூலையில் கிளிக் விகிதம் 5.4, பார்வை 2,700. ஒரு பருவத்தை வைத்து இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். மழை, மற்றவர்கள் போடும் புது வீடியோ எல்லாமே இதில் கலந்திருக்கும். அடுத்த ஆடியும் பார்த்தால்தான் தெளிவாகும்.

விகிதம் நன்றாக இருப்பதாலேயே ஒரு வீடியோ நல்லது என்று ஆகிவிடாது என்பதை 2018-இல் போட்ட பஞ்சகவ்யா வீடியோ காட்டியது. அதன் விகிதம் 1.1, வருடா வருடம் வளர்கிறது. கடந்த வருடம் அதிகம் பார்க்கப்பட்ட 40 வீடியோக்களை முழுதாகக் கேட்பது என்று வைத்திருந்ததால் அதையும் கேட்டேன். 4:12-இல் "ஒரு லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி" என்கிறேன். பத்து லிட்டருக்கு 300 மில்லி என்பதுதான் சரி, அதாவது 3 சதவீதம், லிட்டருக்கு 30 மில்லி. பத்து மடங்கு தவறை ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கமெண்ட்டில் மூன்று பேர் "இலை ஓரம் கருகிடுச்சு" என்று எழுதியிருந்தார்கள். வெயில் என்று பதில் போட்டிருக்கிறேன். அந்த மூவருக்கும் மன்னிப்புக் கேட்டுத் தனித்தனியாகப் பதில் எழுதினேன்.

யூடியூபில் அதே இணைப்பில் புதுக் கோப்பை ஏற்ற முடியாது. ஆனால் எடிட்டரில் நடுவில் வெட்டலாம். அந்த 9 விநாடியை வெட்டி எடுத்து, சரியான அளவை டிஸ்கிரிப்ஷனின் முதல் வரியிலும் பின் செய்த கமெண்ட்டிலும் எழுதினேன். சேமித்த பிறகு மாற்றம் வர சில மணி நேரம் ஆனது. அதுவரை பழையதுதான் ஓடியது. வெட்டிய இடத்துக்குப் பிறகு வரும் நேரக்குறிப்புகள் எல்லாம் 9 விநாடி தள்ளி நின்றன, அவற்றையும் திருத்த வேண்டியிருந்தது. சேனல் பங்குதாரர் திட்டத்தில் இல்லாமல் வீடியோ ஒரு லட்சம் பார்வையைத் தாண்டியிருந்தால் இப்படி வெட்டிச் சேமிக்க விடாமல் போகலாம். என்னுடையது அந்த அளவுக்குப் போகவில்லை.

பட்டியலிலிருந்து எடுத்தது 19 மட்டும். பெரும்பாலானவை அரசின் மாடித்தோட்டத் தளை, அதாவது விதையும் பைகளும் அடங்கிய தொகுப்பு, வாங்குவது பற்றிய பழைய விளக்கங்கள். விலையும் விண்ணப்பிக்கும் முறையும் மாறிய பிறகு அவை ஆளை அலையவிடும். அழிக்காமல் Unlisted ஆக்கினேன், ஏனென்றால் வாட்ஸாப் குழுக்களில் சுற்றும் இணைப்பைத் தொடுபவர் வெற்றுத் திரையைப் பார்க்காமல், டிஸ்கிரிப்ஷனில் இருக்கும் புது வீடியோவுக்குப் போக வேண்டும். ஒரு வாரம் கழித்துத் தம்பி மனைவி போன் செய்தாள். "அண்ணி, தளை இந்த விலைக்கு எங்க கிடைக்குது?" நான் எடுத்த அந்த 19-இல் ஒன்றுதான். நான் பொதுவில் வைத்திருந்த பிளேலிஸ்ட்டில் மூன்றாவதாக இருந்திருக்கிறது. Unlisted ஆக்கினால் தேடலிலும் சேனல் பக்கத்திலும் வராது. பிளேலிஸ்ட்டில் இருந்தால் அங்கே தெரியும். 19-ஐயும் ஒவ்வொன்றாகப் பிளேலிஸ்ட்டிலிருந்து நீக்கினேன். மற்ற வீடியோக்களின் முடிவில் இவற்றுக்குக் கொடுத்திருந்த இணைப்புகளையும் மாற்றினேன்.

பார்வை குறைவு என்பதற்காக எதையும் எடுக்கவில்லை. நாட்டுக் கொத்தவரையில் விதை எடுக்கும் வீடியோவை வருடத்துக்கு நாற்பது பேர்தான் பார்க்கிறார்கள். பாதிக்கு மேல் பேர் கடைசி நிமிடம் வரை இருக்கிறார்கள். அதில் சொன்ன எதுவும் தவறில்லை, அது அங்கேயே இருக்கட்டும்.

இதுவரை 153 முடிந்தது. மீதி 61 தைப்பட்டமும் கோடைப் பராமரிப்பும் பற்றியவை. தைப்பட்ட வீடியோக்களின் தலைப்பை டிசம்பரில் மாற்றிவிட்டு, ஜனவரிக் கணக்கு வந்ததும் முந்தைய மூன்று ஜனவரிகளோடு வைத்துப் பார்ப்பேன்.