இருபத்து மூன்றாம் அத்தியாயம்

மே 6, 2025, செவ்வாய்

நீட் எழுதி இரண்டு நாளாகியும் கண்ணை மூடினால் ஓ.எம்.ஆர். வட்டங்கள்தான். 180 கேள்வி, 180 நிமிடம், தப்பானால் மைனஸ் ஒன்று. அம்மா எதுவும் கேட்காமல் இருக்கப் படும் பாடு தெரிகிறது. காலையில் கரண்ட் போனதும் கிளை நூலகத்துக்குப் போய்விட்டேன். சீர்காழிக்கே திரும்பி வந்துவிட்டேன் என்று அங்கே உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

மே 8

பிளஸ் டூ ரிசல்ட். எதிர்வீட்டில் சாக்லேட் கொடுத்தார்கள்.

மே 9, வெள்ளி

நூலகம் லீவு. எங்கே போவது?

மே 13

ஒரு நாவலை எடுத்தேன். பத்துப் பக்கம் ஓடியது, ஒன்றுமே நிற்கவில்லை. யோசித்துப் பார்த்தால் நான் படிக்கவேயில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். பெயர், வருஷம், எண் வந்தால் கண் நிற்கிறது. மழை பெய்வதை எழுதியிருந்தால் தாண்டிவிடுகிறது, மழையிலிருந்து கேள்வி வராதே. ஒவ்வொரு பத்தி முடிவிலும் இதில் என்ன கேட்பார்கள் என்று மனசு தானாகவே நாலு விடை தயாரிக்கிறது. கையில் பென்சில் வேறு. நூலகப் புத்தகத்தில் கோடு போடக் கூடாது என்று நூலகர் சார் வாங்கி மேஜையில் வைத்துவிட்டார்.

ஆறாவது படிக்கும்போது சோறு ஆறுவது தெரியாமல் படிப்பேன் என்று அம்மா சொல்வாள். அந்தப் பெண் எங்கே போனாள்?

மே 17

பின் அலமாரியின் அடித்தட்டில் அட்டைக்குப் பெயரே இல்லாத தடிப் புத்தகம். யாரோ வார இதழிலிருந்து தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்தது. நன்கொடையாக வந்ததாம், இரண்டு பாகம். வெளியே தரமாட்டார்கள், உள்ளேயே படிக்க வேண்டும். ஓரத்தை வெட்டும்போது சில பக்கத்தில் கடைசி எழுத்தும் போயிருக்கிறது. அதை நானே நிரப்பிப் படித்தாக வேண்டும், அதனால் வேகமாக ஓட முடியவில்லை. தேடாமல் படித்தது இன்றைக்குத்தான்.

மே 22

காலையில் ஒரு அத்தியாயம், மாலையில் ஒன்று. ‘தொடரும்’ வந்ததும் மூடிவிடுகிறேன். வாரம் ஒன்றாகப் படிக்க எழுதியதை மொத்தமாக விழுங்கினால் சரிப்படாது. வள்ளி நகைப்பெட்டியோடு ராத்திரியில் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மே 24

அப்பா வீட்டு வரி ரசீதை எடுத்து வைத்தார். அதில் நூலக வரி தனியாக இருக்கிறது. சொத்து வரி 100 ரூபாய் என்றால் அதற்கு மேல் 10 ரூபாய். நான் எட்டிப் பார்க்காத வருஷங்களிலும் அப்பா கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மே 28

23-ஐக் காணோம்! 22-ன் முடிவில் படகுத்துறைக் குடிசையில் வள்ளி, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அடுத்த பக்கம் 24, நாகப்பட்டினம், அவள் கையில் பெட்டி இல்லை. அந்த ஒரு வார இதழ் அவர்களுக்குக் கிடைக்கவில்லை போல. தட்டியது யார்?

மே 31

சாரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. ஆனால் பழைய கதை ஒன்று சொன்னார். அந்தக் காலத்தில் பல நூலகங்களில் அலமாரிப் பக்கம் வாசகரை விடமாட்டார்களாம், சீட்டு எழுதிக் கொடுத்தால் ஆள் எடுத்து வருவார். நம்மை அலமாரிக்கே விட வேண்டும் என்று வாதாடியவர் நம்ம ஊரில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர், முதலில் வேலை பிடிக்காமல் கல்லூரிக்கே திரும்பிவிடப் பார்த்தாராம். சீட்டு முறையாக இருந்திருந்தால் பெயரே இல்லாத இந்தப் புத்தகத்தை நான் என்னவென்று எழுதிக் கேட்டிருப்பேன்?

ஜூன் 4

விடைக்குறிப்பு வந்துவிட்டது. திறக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

பேப்பர் படிக்க வரும் பெரியவர் அந்தத் தொடரை வாராவாரம் படித்தவராம்! தட்டியது படகுக்காரன், வள்ளி தானாகவே பெட்டியை அவனிடம் கொடுத்தாள் என்றார்.

“இருக்காது தாத்தா. அடுத்த வாரமே, பெட்டியை எவன் எடுத்தான்னு அழறாளே.”

“அழுதா? நல்லாப் பாரு பாப்பா.”

“நீங்க மறந்துட்டீங்க.”

“எதை மறந்தாலும் அதை மறக்கமாட்டேன்.”

சார் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லும்வரை சண்டை. வீட்டுக்கு நடக்கும்போதுதான் கவனித்தேன், அவ்வளவு நேரம் மார்க் ஞாபகமே வரவில்லை. இந்தக் கேள்விக்கு விடைக்குறிப்பை யாரும் வெளியிடப் போவதில்லை. அதனாலேயே 24-ஐ மறுபடி படிக்க வேண்டும், இந்த முறை அவள் அழுகையை.

ஜூன் 8

படித்தேன். அழுகிறாள், ஆனால் கண்ணைத் துடைத்ததாக ஒரு இடத்திலும் இல்லை. எழுதியவர் மறந்திருப்பாரா?

ஜூன் 10

அம்மா கேட்டே விட்டாள். “வரும்மா” என்றேன். அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார். சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

இரண்டாம் பாகம், அத்தியாயம் 31. படகுக்காரன் வந்துவிட்டான், பெட்டி அவனிடம்தான்! வள்ளி கொடுத்ததாக அவன் சொல்கிறான், அவள் மறுக்கவில்லை. அத்தனை அழுகையும் பொய். தாத்தா சொன்னதுதான் சரி. நாளைக்கு வெள்ளி, பூட்டியிருக்கும். சனிக்கிழமை காலையில் அவர் வருவார், சொல்ல வேண்டும். ரிசல்ட்டும் அன்றைக்குள் என்கிறார்கள். நூலகம் முதலில் திறந்தால் நன்றாக இருக்கும்.