பேரணாம்பட்டு பர்ஸுக்கு ஏழு படம்

மே 6, செவ்வாய்

பேரணாம்பட்டு பாய் காலையிலேயே சத்துவாச்சாரிக்கு வந்துவிட்டார். பையில் நான்கு பர்ஸ். எல்லாம் அவர் பட்டறையில் தைத்தவை. எண்ணெய் ஏற்றிய எருமைத் தோல், தொழிலில் ஹண்டர் லெதர் என்பார்கள். இதுவரை வாட்ஸாப்பில் மட்டும் விற்றிருக்கிறார், இப்போது அமேசானில் போட வேண்டுமாம். “படம் மட்டும் நல்லா எடுத்துக் குடுங்க தம்பி, மத்தத நான் பாத்துக்கறேன்” என்றார்.

அவர் அனுப்பிக்கொண்டிருந்த பழைய படத்தைப் பார்த்தேன். பர்ஸ் பக்கத்தில் அட்டைப் பெட்டி, ஒரு ரோஜா, மேலே ஃபோன் நம்பர், மூலையில் ‘100% ஒரிஜினல்’. தெரிந்தவர்களுக்கு அனுப்ப அது போதும். ஆனால் அமேசானில் முதல் படத்தில் இவற்றில் ஒன்றுக்குக்கூட இடம் இல்லை. ஃபோன் நம்பரை எந்தப் படத்திலும் போட முடியாது.

கேமராவை எடுக்கவில்லை. இதே விலையில் விற்கும் மற்ற பர்ஸ்களுக்கு வந்த ஒன்று, இரண்டு, மூன்று நட்சத்திர விமர்சனங்களையும், வாங்குமுன் ஜனங்கள் கேட்டிருந்த கேள்விகளையும் மதியம் வரை படித்துக் குறித்துக்கொண்டேன். வார்த்தை வேறு வேறாக இருந்தாலும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்கள்தான். நிஜத் தோலா, ரெக்ஸினா? உள்ளேயும் தோலா? ஐந்நூறு ரூபாய் நோட்டு மடங்காமல் போகுமா? எத்தனை கார்டு பிடிக்கும், நிரப்பினால் பாக்கெட்டில் புடைக்குமா? கீறல் விழுந்தால் என்ன ஆகும்? படத்தில் தெரியும் நிறம்தான் வருமா?

இந்தச் சந்தேகங்கள்தான் எனக்குப் பட வரிசை. அழகுக்காக மட்டும் ஒரு படம்கூட எடுக்கப் போவதில்லை.

மே 8, வியாழன்

இன்று முதல் படத்துக்கு மட்டும் திட்டம் போட்டேன். விதிகள் சுருக்கமானவை. பின்னணி சுத்த வெள்ளை, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255. பொருள் சட்டத்தில் 85 சதவீதமாவது நிறைந்திருக்க வேண்டும், எந்த ஓரமும் வெட்டுப்படக் கூடாது. எழுத்து, லோகோ, வாட்டர்மார்க், அலங்காரப் பொருள் கூடாது. பொருளோடு சேர்ந்து வராத எதுவும் கூடாது. ஒரே படத்தில் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு தோற்றம் ஒட்டவும் கூடாது.

அந்தக் கடைசி விதியால்தான் யோசிக்க வேண்டி வந்தது. மூடிய பர்ஸா, திறந்ததா? திறந்தால் அறைகள் தெரியும், ஆனால் 23 செ.மீ. நீளம், 9.5 செ.மீ. உயரம். சதுரக் கட்டத்துக்குள் மெலிந்த பட்டையாகத்தான் விழும், தேடல் பக்கத்தில் கட்டைவிரல் அளவுப் படத்தில் என்ன பொருள் என்றே புரியாது. மூடினால் 11.5-க்கு 9.5, கட்டம் நன்றாக நிறைகிறது. மூடியதையே எடுத்து, மடிப்புப் பக்கத்தைக் கொஞ்சம் திருப்பி தடிமனும் தெரியும்படி வைப்பதாக முடிவு. காலி கார்டு அறைகளுக்குள் கார்டு செருகி வைத்தால் நன்றாக இருக்கும் என்று பாய் ஃபோனில் சொன்னார். கார்டு நாம் கொடுக்கும் பொருள் இல்லையே பாய், முதல் படத்தில் வேண்டாம் என்றேன்.

கேன்வாஸ் 2000-க்கு 2000 பிக்ஸல். பர்ஸின் நீளப் பக்கம் 1700 பிக்ஸல் வந்தால் 85 சதவீதம். நான் 1800 வைக்கிறேன், அதற்கு மேல் போனால் ஓரம் நெருக்கமாகத் தெரியும். பெரிதாக்கிப் பார்க்கும் வசதி வேலை செய்ய 1000 பிக்ஸலாவது தேவை, 1600-க்கு மேல் இருந்தால் தையல்கூடத் தெளிவாகத் தெரியும்.

மே 9, வெள்ளி

பாய்க்கு இன்று பட்டறை விடுமுறை. தொழுகைக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும் என்று ஏழரைக்கே ஆரம்பித்தோம். கத்திரி வெயிலில் பத்து மணிக்கு மேல் மாடி அறையில் நிற்கவும் முடியாது.

வடக்கு ஜன்னல் வெளிச்சம் ஒன்றே போதும். டியூப்லைட்டை அணைத்துவிட்டேன். ஜன்னலும் டியூப்லைட்டும் கலந்தால் பழுப்புத் தோலில் ஒரு பக்கம் பச்சையடிக்கும், அதைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வது பெரிய பாடு. ஜன்னலில் டிரேசிங் பேப்பர், எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாக்கோல், கீழே வளைத்து விட்ட சார்ட் பேப்பர். முதல் ஷாட்டில் பர்ஸ் பக்கத்தில் ஒரு கிரே கார்டு, அதாவது நடுத்தரச் சாம்பல் நிற அட்டை. நிறத்துக்கு அதுதான் ஆதாரம். சார்ட் பேப்பரை நம்பி வெள்ளையைச் சரிபார்த்தால் சில பேப்பர்கள் நீலமடித்து ஏமாற்றிவிடும்.

ஃபோனில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிட்டே போய் சாதாரண லென்ஸில் எடுத்தால் முன் ஓரம் பெருத்து, பர்ஸ் சாய்ந்த கட்டம்போல வரும். இரண்டடி தள்ளி நின்று 2x-இல் எடுங்கள், ஓரங்கள் நேராக நிற்கும்.

மே 11, ஞாயிறு

வெள்ளைப் பின்னணி வேலை. படத்தில் சார்ட் பேப்பர் 235, 240 என்றுதான் வந்திருந்தது. அப்படித்தான் எடுக்க வேண்டும். கேமராவிலேயே 255 வரை வெளுக்க விட்டால் தோலின் மேல்விளிம்பில் இருக்கும் மினுக்கமும் சேர்ந்து வெளுத்து, ஓரம் கரைந்ததுபோல ஆகிவிடும். பர்ஸைத் தனியாகத் தேர்ந்தெடுத்து, பின்னணியை மட்டும் மேலே தூக்கினேன். அடியில் விழுந்த மெல்லிய நிழலில் பர்ஸை ஒட்டிய பகுதியை மட்டும் லேசாக விட்டு, மற்றதை அழித்தேன்.

கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவதை நம்பக் கூடாது. 250-ம் வெள்ளையாகத்தான் தெரியும், ஆனால் விற்பனைப் பக்கத்தின் வெள்ளையில் உட்காரும்போது படத்தைச் சுற்றி அழுக்குச் சட்டம்போல ஒரு சாம்பல் கட்டம் தெரியும். கண்டுபிடிக்க எளிய வழி: படம் திருத்தும் மென்பொருளின் லெவல்ஸ் கருவியில் கருப்புப் பக்கத்து முள்ளை 250 வரை வலப்பக்கம் இழுங்கள். சுத்த வெள்ளையாக இல்லாத இடமெல்லாம் கருப்பாகவோ சாம்பலாகவோ தெரியும். எனக்கு இடது கீழ்மூலையில் ஒரு திட்டு தெரிந்தது. அதைச் சரிசெய்து, முள்ளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன்.

சேமிக்கும்போது sRGB நிறவெளி, ஜேபெக் கோப்பு. சில ஃபோன்கள் வேறு நிறவெளியில் சேமிக்கும். அதை மாற்றாமல் ஏற்றினால் அதே பழுப்பு இன்னொருவர் திரையில் வேறு பழுப்பாகத் தெரியலாம்.

மே 13, செவ்வாய்

இன்றைய வேலை எனக்கு மிகவும் பிடித்தது: ‘நிஜத் தோலா’ என்பதற்குப் பதில்.

‘ஒரிஜினல் லெதர்’ என்று எழுதினால் யாரும் நம்புவதில்லை, ரெக்ஸின் விற்பவரும் அதையேதான் எழுதுகிறார். வெட்டுமுகத்தைக் காட்டினால் நம்புவார்கள். ரெக்ஸினை வெட்டினால் மேலே பிளாஸ்டிக் படலம், கீழே நெய்த துணி என்று அடுக்கு தனியாகத் தெரியும். தோலை வெட்டினால் மேலே நெருக்கமாகவும் கீழே போகப் போகத் தளர்வாகவும் பின்னிக் கிடக்கும் நார்கள் தெரியும். ஆனால் பர்ஸின் ஓரங்களில் பெயின்ட் பூசியிருக்கிறது, வெட்டுமுகம் தெரியாது. பட்டறையில் அதே தோலின் கழிவுத் துண்டு ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தேன். புது பிளேடால் ஒரு முறை வெட்டி, பர்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்து, வெளிச்சத்தை மேசையோடு மேசையாகத் தாழ்வாகப் பக்கத்திலிருந்து விட்டேன். ஒவ்வொரு நாருக்கும் ஒரு நிழல் விழுந்தது. 1.2 மி.மீ. துண்டு, திரையில் பார்த்தால் வைக்கோல் போர்போல இருந்தது. ‘இதே தோலின் வெட்டுமுகம்’ என்று மட்டும் எழுதினேன்.

அடுத்தது கீறல். இந்தத் தோலை வளைத்தால் எண்ணெயும் மெழுகும் நகர்ந்து அந்த இடம் வெளிறும், நகம் பட்டால் கோடு விழும். தெரியாதவர் பழைய சரக்கு என்று திருப்பி அனுப்புவார். ஒரே படத்தை இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் நகக்கோடு, வலப்பக்கம் கட்டைவிரலால் தேய்த்த பிறகு அதே இடம். கோடு முழுதாகப் போகவில்லை, மங்கலாக ஒரு தடம் இருக்கிறது. அதை அழிக்காமல் அப்படியே விட்டேன்.

நோட்டு அறையின் உள்பக்கம் பாலியெஸ்டர் துணி. அதையும் ஒரு படத்தில் காட்ட வேண்டும் என்றதும் பாய் தயங்கினார். “அத எதுக்கு தம்பி காட்டணும்? துணின்னா வாங்கமாட்டாங்களே.”

“வாங்கின அப்புறம் பார்த்தா திருப்பி அனுப்புவாங்க பாய். போக வர கூரியர் செலவு உங்க தலையில. திறந்து பார்த்த பர்ஸைப் புதுசுன்னு விக்கவும் முடியாது.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, ஆனா கார்டு அறை தோலுன்னு பெருசா தெரியணும்” என்றார். நியாயமான பேச்சு. திறந்த பர்ஸை மேலிருந்து எடுத்து, கார்டு அறைக்கு ‘தோல்’, நோட்டு அறைக்கு ‘துணி லைனிங்’ என்று ஒரே அளவு எழுத்தில் இரண்டு குறிப்பு.

மே 15, வியாழன்

கொள்ளளவு. நிஜக் கார்டுகளை வைத்தால் நம்பர் வெளியே போகும், வெற்று வெள்ளைக் கார்டு ஆறு வாங்கினேன். கார்டின் அளவு எங்கும் 85.6-க்கு 54 மி.மீ.தான். நோட்டுக்குப் பதிலாக அதே அளவில் காகிதம் வெட்டினேன். இப்போதைய 500 ரூபாய் 150-க்கு 66 மி.மீ. பழைய 100 ரூபாய் நோட்டு 157-க்கு 73, இரண்டில் அதுதான் உயரம். அதுவும் வெளியே தலைகாட்டாமல் அடங்கியது. காலியாக 1.5 செ.மீ. தடிமன், ஆறு கார்டும் சில நோட்டும் வைத்தால் 2.3. இரண்டையும் ஒரே பக்கவாட்டுக் கோணத்தில் எடுத்து அருகருகே வைத்தேன்.

அளவுப் படத்துக்கு ஒருவர் கை போதும். கையில் பிடித்தபடி எடுத்து, நீள அகலத்தை எண்ணாகவும் போட்டேன். கை மட்டும் என்றால் பெரிய கையா சின்னக் கையா என்று தெரியாது, எண் மட்டும் என்றால் மனதில் அளவு பிடிபடாது.

எழுத்து அளவைக் கணக்குப் போட்டுத்தான் வைக்க வேண்டும். 2000 பிக்ஸல் படம் ஃபோனில் சுமார் 65 மி.மீ. அகலத்தில் தெரியும். 40 பிக்ஸல் எழுத்து அங்கே 1.3 மி.மீ., படிக்கவே முடியாது. 80-க்குக் கீழே நான் போவதில்லை. அதனால் ஒரு படத்தில் ஐந்தாறு வார்த்தைக்கு மேல் அடங்காது, அதுவும் நல்லதுதான். தள்ளுபடி, விலை, ‘நம்பர் ஒன்’ போன்றவை துணைப் படங்களிலும் கூடாது.

மே 19, திங்கள்

ஏற்றியாயிற்று. முதல் படம் `MAIN`, மற்றவை `PT01` முதல் `PT06` வரை. முதலில் திறந்த பர்ஸும் கொள்ளளவும், அடுத்து கையில் அளவு, வெட்டுமுகம், லைனிங், கீறல், கடைசியில் பெட்டியோடு வருவது என்ன என்பது. ஃபோனில் பார்ப்பவர் பாதியிலேயே நிறுத்திவிடுவார் என்று வைத்துத்தான் வரிசை போட்டேன். டான் நிறப் பர்ஸுக்கும் அதே கோணம், அதே அளவு. நிறத்தை மாற்றித் தொடும்போது பர்ஸ் இடம் குதிக்கக் கூடாது.

சாயங்காலம் பாய் ஃபோன் செய்தார். ஒருவர் பாஸ்போர்ட் போகுமா என்று கேட்டிருக்கிறார். பாஸ்போர்ட் 125-க்கு 88 மி.மீ., மூடிய பர்ஸே 115-க்கு 95. போகாது. கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னேன். இன்னும் இரண்டு பேர் கேட்டால் அளவுப் படத்தில் பக்கத்திலேயே பாஸ்போர்ட்டின் கோட்டுருவத்தை வரைந்து மாற்றி ஏற்றிவிடுவேன்.