அம்மாவின் சங்கிலியும் என் வளையலும்: பழைய நகை விற்கப் போய்ப் பட்ட பாடு

மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சென்ற மாதம் இரண்டு நகைகளை விற்றேன். ஒன்று, அம்மா 1996-இல் தெரிந்த ஆசாரியிடம் சொல்லிச் செய்து வாங்கிய மூன்று சவரன் சங்கிலி. மற்றொன்று, 2022-இல் நான் வாங்கிய இரண்டு சவரன் வளையல். இரண்டுமே 22 காரட் என்றுதான் வீட்டில் பேச்சு. விற்கப் போன இடத்தில் அவை இரண்டும் ஒரே தங்கமாக நடத்தப்படவில்லை.

கோவையில் நான் முதலில் ஏறிய கடையில், சங்கிலியின் கொக்கியைத் திருப்பிப் பார்த்த ஊழியர், "ஹால்மார்க் இல்லைங்க, பத்து சதவீதம் கழிவு போகும்" என்று சொல்லிவிட்டுக் கால்குலேட்டரை எடுத்தார். உரைகல்லில்கூட உரைத்துப் பார்க்கவில்லை. கொக்கியில் "916" என்றும் "KDM" என்றும் பொறித்திருக்கிறதே என்று காட்டினேன். அதை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம் என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரிதான் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். கேடிஎம் என்பது காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்தது என்று சொல்லும் பழைய வழக்கமே தவிர, தங்கத்தின் மாற்றுக்கு, அதாவது தூய்மைக்கு, யாரும் கொடுத்த உறுதியன்று. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோண முத்திரை இல்லாமல் வெறும் 916 என்று இருந்தால், அது செய்தவரின் வாய்ச்சொல்லுக்குச் சமம். ஆனால் சங்கிலி 22 காரட் இல்லை என்பதற்கும் அவரிடம் ஆதாரம் இல்லை; பத்து சதவீதம் என்பது அவருடைய ஊகம், அந்த ஊகத்தின் செலவு என்னுடையது.

அடுத்த நாள், ஹால்மார்க் முத்திரை குத்தி வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்து, அமைவனத்தின் அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்துக்குப் போனேன். அரை நாள் விடுப்பு வீணாயிற்று. முத்திரை குத்துவதற்கு, பதிவு பெற்ற நகைக்கடைக்காரர் வழியாகத்தான் நகை வரவேண்டுமாம். தனி ஆள் கொண்டுவந்தால் மாற்றைச் சோதித்து அறிக்கை மட்டுமே தருவார்களாம். அதைச் சொல்லக்கூட வரவேற்பில் இருந்தவர் என்னை முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார். அன்றைக்குச் சோதனைக்கு நகை வாங்குவது முடிந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அனுப்பினார்.

இடையில் ஒரு தவறும் செய்தேன். திரும்பும் வழியில் டச் பார்க்கும் சிறு கடை ஒன்றில் சங்கிலியைக் கொடுத்து ஒரு சீட்டு வாங்கினேன். எந்த நகைக்கடையும் அதைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. அங்கீகாரம் பெற்ற மையங்களின் பட்டியல் அமைவனத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

மறுநாள் மையத்தில் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. கட்டணம் 200 ரூபாயும் வரியும். நகையை வெட்டாமல் எக்ஸ்ரே கருவியில் வைத்து நான்கைந்து இடங்களில் பார்த்தார்கள். சங்கிலியின் உடலில் தங்கம் 87.5 சதவீதம் என்றும், கொக்கியின் பற்றவைப்பு அதைவிடக் குறைவு என்றும் அறிக்கை வந்தது. 22 காரட்டுக்கு வேண்டிய 91.6 இல்லை என்பதில் வருத்தம்தான். ஆனால் கடைக்காரர் சொன்ன கணக்கோடு ஒப்பிட்டபோது வருத்தம் கோபமாக மாறிவிட்டது. 24 கிராமில் பத்து சதவீதம் போக, 21.6 கிராமுக்கு 22 காரட் விலை தருவதாக அவர் சொன்னார். அறிக்கையின்படி பார்த்தால், 24-ஐ 87.5-ஆல் பெருக்கி 91.6-ஆல் வகுக்க, ஏறத்தாழ 22.9 கிராம் வருகிறது. மாற்றுக் குறைவுக்காக நியாயமாகக் கழிக்க வேண்டியது ஒரு கிராமுக்குச் சற்று மேல். அவர் கழிக்கப் பார்த்தது 2.4 கிராம்.

அறிக்கையோடு இரண்டாவது கடைக்குப் போனேன். அறிக்கை எந்தக் கடையையும் கட்டுப்படுத்தாது. கருவி மேற்பரப்பைத்தான் படிக்கிறது என்பதால், உருக்கிப் பார்த்த பிறகே விலை என்றார் மேலாளர். கண்ணெதிரே உருக்குவதானால் சரி என்றேன். உருக்கியதில் அழுக்கும் பொடியும் போய் எடை 23.860 ஆனது, மாற்று 87.3 வந்தது. 22 காரட் கணக்கில் 22.74 கிராமுக்குப் பணம் கிடைத்தது. முதல் கடையைவிட ஒரு கிராமுக்கு மேல் கூடுதல். கையில் அறிக்கை இல்லாமலிருந்தால், உருக்கிய பின் எந்த எண்ணைச் சொன்னாலும் நான் தலையாட்டியிருப்பேன். உருக்கிவிட்டால் பழைய சங்கிலியைத் திருப்பி வாங்கவும் முடியாது.

வளையலின் கதை வேறு. அதன் உட்புறத்தில் முக்கோண முத்திரை, 22K916, ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும், எழுத்தும் இலக்கமும் கலந்த ஆறு இடங்கள் கொண்ட எச்.யு.ஐ.டி. எண் ஆகிய மூன்றும் இருந்தன. அமைவனத்தின் BIS Care செயலியில் Verify HUID பகுதியில் அந்த எண்ணைத் தட்டியபோது, அப்படி ஒரு பதிவே இல்லை என்று வந்தது. நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. கடைக்காரரின் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான், நான் 8 என்று படித்தது B என்று புரிந்தது. அணிந்து தேய்ந்த உட்புறத்தில் இந்தக் குழப்பம் எளிதில் வரும். வாங்கிய அன்றே அந்த எண்ணைப் படம் எடுத்து ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். சரியாகத் தட்டியதும் முத்திரையிட்ட மையம், நகையின் வகை, மாற்று எல்லாம் வந்தன. வகையையும் கவனிக்க வேண்டும்: கையில் வளையல் இருக்க, திரையில் மோதிரம் என்று வந்தால் எண் அந்த நகையுடையதன்று.

அப்போதும் "வளையலுக்கு இரண்டு சதவீதம் வழக்கம்" என்று ஊழியர் இழுத்தார். திரையைக் காட்டி, எந்தக் குறைக்காக என்று கேட்டேன். மேலாளர் தலையிட்டு அதை விட்டுக்கொடுத்தார். ரசீதில் 16.120 கிராம் இருந்தது தேய்ந்து 16.080 ஆகியிருந்தது, அந்த எடை முழுவதற்கும் பணம் வந்தது. ஒரு விஷயத்தில் ஏமாறப் பார்த்தேன்: கழிவு இல்லை என்று சொல்லிவிட்டு, பலகையில் இருக்கும் விலைக்குப் பதிலாகத் தங்கள் "வாங்கும் விலை" என்று குறைவான ஒன்றைப் போட்டார்கள். எடையில் எவ்வளவு, விலையில் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டதால்தான் அது வெளியே வந்தது. 2022-இல் நான் கொடுத்த சேதாரம், செய்கூலி, மூன்று சதவீத வரி ஆகியவற்றில் ஒரு ரூபாயும் திரும்பவில்லை. முத்திரை காப்பது மாற்றை மட்டும்தான்.

சங்கிலியின் மாற்றுக் குறைவுக்கு யாரையும் கேட்க முடியாது. முத்திரையிட்ட நகையில் இதே குறைவு இருந்திருந்தால், 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் விற்ற கடை தந்திருக்க வேண்டும்.

பின்னர்தான் கட்டணப் பலகை நினைவுக்கு வந்தது. மையத்தில் அந்த 200 ரூபாய் ஒரு நகைக்கு மட்டுமன்று, நான்கு நகைகள் வரைக்கும் அதே தொகைதான். அம்மாவின் ஜிமிக்கியும் இரண்டு மோதிரங்களும் அன்று பீரோவிலேயே இருந்தன.