ஸ்லைட்டின் அடியில் இரண்டு வரிதான்: சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைச் சான்றோடு காட்டுவது

மலையகத் தமிழரின் குடியுரிமை வரலாற்றைப் பற்றிக் கருத்தரங்கில் பேசப் போகும் எவருக்கும் 1964 ஒப்பந்தம் ஒரு ஸ்லைட்டாவது எடுக்கும். மூன்று எண்கள்: இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக் குடியுரிமைக்கு 300,000 பேர், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த 150,000 பேர். முதல் பிரதியில் இந்த மூன்று எண்களுக்கும் கீழே நாலைந்து வரிச் சான்று வந்து உட்கார்ந்துவிடும்: ஒப்பந்தத்தின் முழுப் பெயர், 1948 சட்டம், வாசித்த நூல், கூடவே நீண்ட இணைய முகவரி. சபை அதை வாசிக்கப் பார்க்கும். பேச்சு காதில் ஏறாது. இந்த ஒரு ஸ்லைட்டைச் சரிசெய்யும் வழியை இங்கே எழுதுகிறோம். மற்ற ஸ்லைட்டுகளுக்கும் இதே முறைதான்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்தத் தகவல் யாருக்கு என்பது. ‘இதை யார் சொன்னது’ என்பது சபைக்கு வேண்டும். ‘அதை எங்கே தேடிப் பார்ப்பது’ என்பது பரீட்சகருக்கும், பிறகு கோப்பைக் கேட்டு வாங்குபவருக்கும் வேண்டும். முன்னது தலைப்பிலேயே போகலாம்: ‘1964 ஒக்டோபர் 30 ஒப்பந்தம் 975,000 பேரைப் பிரித்த விதம்’. ஒப்பந்தமும் தேதியும் தலைப்புக்குள் வந்துவிட்டால் அடியில் அதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊர் மண்டபங்களில் பெரும்பாலும் தரை சமதளம். பின் வரிசையில் இருப்பவருக்கு ஸ்லைட்டின் கடைசிப் பகுதி முன்னால் இருப்பவர் தலைக்குப் பின்னால் போய்விடும். ஆகவே வாதத்துக்கு உயிரான சான்று எதையும் அடியில் மட்டும் வைக்கக் கூடாது.

அடியில் மிஞ்சுவதற்கு ஒரு நிரந்தர இடம் வேண்டும். பவர்பொயின்ட்டில் வேர்ட் மாதிரி அடிக்குறிப்பு வசதி கிடையாது. அதனால் எல்லோரும் ஸ்லைட்டுக்கு ஸ்லைட் ஒரு டெக்ஸ்ட் பொக்ஸ் போடுகிறார்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று அது அலையும். `View → Slide Master` போய், இடது பக்கம் நீங்கள் பயன்படுத்தும் லேஅவுட்டைத் தெரிவுசெய்து, `Insert Placeholder → Text` போடுங்கள். மேலே உள்ள பெரிய மாஸ்டரைத் தெரிவுசெய்திருந்தால் அந்த பட்டன் வேலை செய்யாது. பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

அகலத் திரை ஸ்லைட் 33.87 செ.மீ. அகலம், 19.05 செ.மீ. உயரம். சான்றுப் பெட்டியை இடமிருந்து 1.5, மேலிருந்து 17.2 செ.மீ. தள்ளி, 26 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. உயரத்தில் வையுங்கள். உள்ளடக்கப் பெட்டி 16.8 செ.மீ.க்கு மேலேயே முடியட்டும். திகதிப் பெட்டியையும் ஃபூட்டர் பெட்டியையும் அந்த லேஅவுட்டில் அழித்து, ஸ்லைட் எண் பெட்டியை 3 செ.மீ. ஆக்கி வலது ஓரத்துக்குத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் சான்றின் மேல் எண் ஏறி நிற்கும். எழுத்து 12 புள்ளி, அடர்ந்த சாம்பல் நிறம், புல்லட் இல்லாமல். தமிழில் அதற்குக் கீழே போனால் ப்ரொஜெக்டரில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துவிடும். ஆங்கிலத்துக்கு 10 போதும் என்று சொல்லும் வழிகாட்டிகளைத் தமிழுக்கு அப்படியே எடுக்க வேண்டாம்.

`Format Shape → Text Options → Text Box` என்பதில் `Do not Autofit` கொடுப்பது முக்கியம். இல்லையென்றால் மூன்றாவது வரி வந்ததும் மென்பொருள் எழுத்தைச் சத்தமில்லாமல் சிறிதாக்கிவிடும், உங்களுக்கும் தெரியாது. இதைக் கொடுத்துவிட்டால் வரி பெட்டிக்கு வெளியே வழியும். சான்று கூடிவிட்டது, ஸ்லைட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று அதிலிருந்தே தெரியும். ஏற்கெனவே செய்த ஸ்லைட்டுகளில் இந்தப் பெட்டி தானாகத் தோன்றாது. அவற்றுக்கு `Home → Layout` மூலம் அதே லேஅவுட்டை மறுபடி கொடுக்க வேண்டும். சான்று தேவைப்படாத ஸ்லைட்டில் பெட்டியை வெறுமையாக விடலாம், காட்டும்போது அது தெரியாது.

இனிக் குறியெண். ‘525,000’ என்பதை ஒட்டி மேலே ஒரு 1 போட்டால் தூரத்தில் அது எண்ணின் ஒரு பகுதியாகவே தெரியும். குறியை எண்ணில் வைக்காமல் சொல்லில் வையுங்கள்: ‘525,000 பேர்¹’. மேலேற்றுவதற்கு `Ctrl+Shift++`. குறியெண் ஒவ்வொரு ஸ்லைட்டிலும் 1 இலிருந்து தொடங்கட்டும். பவர்பொயின்ட் எண்களைத் தானாகத் திருத்தாது. தொடர் எண் போட்டுவிட்டு நடுவில் ஒரு ஸ்லைட்டை நகர்த்தினால் பின்னால் உள்ள அத்தனையும் கையால் மாற்ற வேண்டியதாகும். அதனால்தான் இறுதியில் வரும் முழுச் சான்றுப் பட்டியலையும் எண் வரிசையில் அல்லாமல் அகர வரிசையில் வைக்கிறோம்.

எங்கள் ஸ்லைட்டின் அடியில் நின்றது இவ்வளவுதான்:

¹ இந்திய–இலங்கை ஒப்பந்தம், 30.10.1964. வீதங்கள்: எமது கணிப்பு.
² இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம், 1948 இன் 18 ஆம் இலக்கம்.

‘எமது கணிப்பு’ என்ற இரண்டு சொல்லை விடக் கூடாது. ஒப்பந்தத்தில் இருப்பது ஆட்தொகை மட்டும். 53.8, 30.8, 15.4 என்ற வீதங்கள் நாம் 975,000 ஆல் வகுத்து எடுத்தவை. அதைச் சொல்லாமல் சான்றை மட்டும் போட்டால், இல்லாத எண்ணை ஒப்பந்தத்தின் தலையில் கட்டியதாகிவிடும். அதேபோல் ஒப்பந்தத்தை ஒரு நூலின் வழியாக வாசித்தவர், அந்த நூலின் ஆசிரியரையும் ஆண்டையும் ‘வழி’ என்று குறித்துப் போடுவதே நேர்மை.

ஒரு குறிப்பை மட்டும் அடியிலிருந்து மேலே கொண்டுவந்தோம். 525,000 க்கும் 300,000 க்கும் ‘இயற்கை அதிகரிப்புடன்’, அதாவது பிறகு பிறக்கும் பிள்ளைகளையும் சேர்த்து, என்ற நிபந்தனை உண்டு. இது சான்று அல்ல, எண்ணின் பொருளையே மாற்றும் விளக்கம். அடியில் போட்டால் 975,000 தான் மொத்த மக்கள் என்று சபை நினைத்துக்கொண்டு போகும். ஆகவே அது வரைபுக்கு நேர் கீழே, 18 புள்ளியில், ஒரே வரியாக நின்றது. விட்டுவைத்த 150,000 பேரை 1974 ஒப்பந்தம் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தது இந்த ஸ்லைட்டுக்கு வேண்டாம்; அது அடுத்த ஸ்லைட்டின் தலைப்பு.

பக்க எண், மேற்கோளின் முழு வாசகம், இணைய முகவரி எல்லாம் ஸ்பீக்கர் நோட்ஸில் இருக்கட்டும். கேள்வி வந்தால் பார்த்துச் சொல்லலாம். ஆனால் வழமையான பிடிஎஃப் ஆக்கினால் நோட்ஸ் போய்விடும், ஆகையால் முழு விவரம் கடைசிப் பட்டியல் ஸ்லைட்டிலும் இருந்தாக வேண்டும். ஸொட்டேரோ பாவிப்பவர்கள் பதிவைத் தெரிவுசெய்து `Ctrl+Shift+C` கொடுத்து அங்கே ஒட்டலாம். பின்னர் ஸொட்டேரோவில் திருத்தினால் ஸ்லைட்டில் அது மாறாது என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக எழுத்துரு. இங்கே இன்னும் பலர் பாமினியில்தான் தட்டுகிறார்கள். மண்டபக் கணினியில் பாமினி இல்லையென்றால் சான்று வரி முழுவதும் ஆங்கில எழுத்துகளின் கலவையாகத் தெரியும். ஆங்கில நூலின் பெயரைச் சேர்க்க வேண்டுமானால் அந்த இடத்தில் எழுத்துருவை மாற்றியாக வேண்டும். மாற்ற மறந்த சொல் தமிழ் எழுத்துகளாகக் குழம்பி நிற்கும். சான்றுப் பெட்டிக்கு மட்டுமாவது யூனிகோட் எழுத்துரு, உதாரணமாக நிர்மலா, வைத்துவிடுங்கள். பிடிஎஃப் பிரதி ஒன்றையும் பென்ட்ரைவில் கூடவே கொண்டுபோங்கள்.