98 சதவீதத் துல்லியம் என்ற ஒரு வரி: வீட்டிலிருந்து டேட்டா என்ட்ரி செய்த அனுபவம்

கோத்தகிரியை அடுத்த அரவேணுவில் வசிக்கிறேன். குழந்தை பிறந்த பிறகு தேயிலைத் தொழிற்சாலை அலுவலக வேலையை விட்டுவிட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தட்டச்சு வேலையைத் தேடத் தொடங்கினேன். முன்பணம் கேட்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அழைப்பைத் துண்டித்துவிடுவேன். ஆனால் நான் சிக்கிய இடத்தில் ஒரு ரூபாய்கூட முதலில் கேட்கவில்லை. வேலையை முடித்த பிறகுதான் கேட்டார்கள். அந்த முறை எப்படி இயங்குகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை என்பதால், கணக்கோடு எழுதுகிறேன்.

ஐந்து நாட்களில் 500 படிவங்களை உள்ளிட வேண்டும், அதற்கு 20,000 ரூபாய் என்பதுதான் ஏற்பாடு. ஒவ்வொரு படிவமும் ஒரு படமாகத் திரையில் தெரியும். அதில் உள்ள பெயர், முகவரி, கடன் எண், தேதி முதலிய 18 கட்டங்களை அருகிலுள்ள பெட்டிகளில் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு படிவத்துக்கு ஏறத்தாழ 300 எழுத்துகள் வரும். ஆதார் நகலையும் வெள்ளைத்தாளில் போட்ட கையெழுத்தின் படத்தையும் அனுப்பச் சொன்னார்கள். முத்திரைத்தாள் போன்ற ஒரு பக்கத்தில் அச்சிட்ட 11 மாத ஒப்பந்தம் திரும்பி வந்தது. அதில் ஒரு வரி: படிவங்களில் 98 சதவீதம் பிழையின்றி இருக்க வேண்டும், ஒரு படிவத்தில் ஓர் எழுத்து தவறினாலும் அந்தப் படிவம் முழுவதும் பிழையாகக் கருதப்படும்.

அந்த வரியைப் படித்தும் நான் தயங்கவில்லை. பள்ளி முடித்த கையோடு குன்னூரில் தட்டச்சு பயின்று லோயர் தேர்ச்சி பெற்றவள் நான். நிமிடத்துக்கு 30 சொல் என்பது லோயர் தேர்வின் வேகம். ஒரு சொல்லுக்கு ஐந்து எழுத்து என்று கொண்டால் மணிக்கு 9,000 விசைத்தட்டுகள். 500 படிவங்களுக்கு மொத்தம் 1,50,000 எழுத்துகள்தானே, நிதானமாக மணிக்கு 5,000 தட்டினாலும் 30 மணி நேரத்தில், அதாவது நாளுக்கு ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். வேகத்தைப் பற்றி மட்டுமே யோசித்தேன். அவர்களுடைய ஏற்பாடே நம்மை வேகத்தைப் பற்றி மட்டும் யோசிக்க வைப்பதற்காகத்தான் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

நவம்பர் மாதம். வடகிழக்குப் பருவமழைதான் எங்கள் பக்கத்துக்குப் பெரிய மழை. மின்சாரம் போவதும், இணையம் அறுந்து பாதி உள்ளிட்ட படிவம் மறைந்துபோவதுமாக, ஆறு மணி நேரம் என்று நினைத்தது நாளுக்கு ஒன்பது மணி நேரமானது. உண்மையான வேகம் மணிக்குச் சுமார் 3,300 எழுத்துகள்தான். தொடர்ச்சியான பத்தியைப் பத்து நிமிடம் தட்டச்சு செய்வது வேறு. மங்கலான படத்தைப் பார்த்து, கட்டம் விட்டுக் கட்டம் தாவி, இது சுழியமா ஆங்கில எழுத்து ஓவா என்று உற்றுப்பார்த்து உள்ளிடுவது வேறு. ஆனாலும் குறித்த நேரத்தில் 500 படிவங்களையும் முடித்தேன்.

மறுநாள் தரப் பரிசோதனை அறிக்கை என்று ஒன்று வந்தது. துல்லியம் 71.4 சதவீதம் என்ற ஒற்றை எண்ணைத் தவிர அதில் எதுவும் இல்லை. எந்தப் படிவத்தில், எந்தக் கட்டத்தில் பிழை என்று கேட்டேன்; அது நிறுவன ரகசியம் என்றார்கள். நான் உள்ளிட்டதை நானே திரும்பப் பார்க்கலாம் என்றால் அவர்களுடைய தளத்தில் என் கணக்கு மூடப்பட்டிருந்தது, பிரதி எடுக்கவும் வழி வைக்கவில்லை. ஒப்பந்தத்தை மீறியதற்காக 6,500 ரூபாய் கட்ட வேண்டும் என்று அன்று மாலையே அழைப்பு வந்தது. அடுத்த நாள் வழக்கறிஞர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், "மேடம், இன்றைக்குள் கட்டாவிட்டால் உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கு வாரண்ட் வரும்" என்றார். இரண்டு இரவுகள் நான் தூங்கவில்லை. வீட்டில் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

அண்ணனிடம் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. அவர் தமக்குத் தெரிந்த வழக்கறிஞரிடம் அழைத்துச் சென்றார். அந்த வழக்கறிஞர் ஒப்பந்தத்தை முழுவதும் படித்துவிட்டுச் சொன்னவை மூன்றே செய்திகள். வழக்கறிஞர் அறிவிப்பு என்பது ஒரு கோரிக்கைதான், நீதிமன்ற உத்தரவு அல்ல. ஒப்பந்தப்படி வேலை சரியில்லை என்பது உரிமையியல் தகராறு, அதற்காக யாரையும் கைது செய்ய வாரண்ட் வராது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஏமாற்றிப் பெறப்பட்ட ஒப்பந்தத்தை ஏமாற்றப்பட்டவர் ரத்து செய்யலாம்; அபராதத் தொகை என்று எதை எழுதிவைத்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாமல் நியாயமான இழப்பீடு மட்டுமே நீதிமன்றத்தில் கிடைக்கும். பணம் கட்ட வேண்டாம், இனிப் பேசவும் வேண்டாம், எல்லாச் செய்திகளையும் பத்திரப்படுத்துங்கள் என்றார். cybercrime.gov.in தளத்தில் புகார் பதிவு செய்தேன். பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும், நான் இழக்கவில்லை. வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லாத பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது. ஒரு மாதம் வெவ்வேறு எண்களிலிருந்து அழைப்புகள் வந்தன, பிறகு நின்றுவிட்டன.

ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை: நான் உண்மையிலேயே அவ்வளவு பிழை செய்தேனா? முதல் நாள் பயிற்சிக்காக வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய 20 படிவங்கள் என் கைப்பேசியில் இருந்தன. அவற்றை எக்செலில் ஒருமுறை உள்ளிட்டு, இரண்டு நாள் கழித்து வேறொரு தாளில் இரண்டாம் முறை உள்ளிட்டு, இரண்டையும் கட்டம் கட்டமாக ஒப்பிட்டேன். எங்கெல்லாம் வேறுபட்டதோ அங்கெல்லாம் படத்தைப் பார்த்தேன்.

```
=EXACT(Sheet1!A2,Sheet2!A2)
```

சாதாரணச் சமக்குறி பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு காட்டாது. இந்தச் சூத்திரம் காட்டும், சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட வெற்றிடத்தையும் காட்டிக்கொடுக்கும். முதல் முறை உள்ளிட்டதில், 6,000 எழுத்துகளில் 9 பிழைகள் இருந்தன. எழுத்துக் கணக்கில் என் துல்லியம் 99.85 சதவீதம், தொடக்க நிலையில் இது மோசமே அல்ல. ஆனால் அந்த 9 பிழைகள் 8 படிவங்களில் பரவியிருந்தன. ஆகவே அவர்களுடைய விதிப்படி 20இல் 12 படிவங்கள்தான் சரி, அதாவது வெறும் 60 சதவீதம்.

அப்போதுதான் அந்த ஒற்றை வரியின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது. 500 படிவங்களில் 98 சதவீதம் சரியாக இருக்க வேண்டுமென்றால் 10 படிவங்களில்தான் பிழை இருக்கலாம். அப்படியானால் 1,50,000 எழுத்துகளில் ஏறத்தாழ பத்தே பிழைகள். 15,000 எழுத்துகளுக்கு ஒன்று. மணிக்கு 5,000 தட்டுபவர் மூன்று மணி நேரத்துக்கு ஒரே ஒரு முறைதான் தவறலாம். மங்கலான படத்தைப் பார்த்து, சரிபார்க்க வழியில்லாமல், தனி ஒருவர் ஐந்து நாள் இப்படிச் செய்வது நடக்காது. அத்தகைய துல்லியம் உண்மையிலேயே தேவைப்படும் இடங்களில் ஒரே தரவை இருவர் தனித்தனியே உள்ளிட, வேறுபடும் கட்டங்களை மூன்றாமவர் தீர்த்துவைப்பார். எனவே ஒப்பந்தத்தில் துல்லியம் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதற்கு முன், எதில் அத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும்: எழுத்திலா, கட்டத்திலா, படிவத்திலா?

அடுத்த ஆண்டு எனக்கு உண்மையான வேலை ஒன்று கிடைத்தது. சிறு விவசாயிகளிடமிருந்து பசுந்தேயிலை வாங்கும் தொழிற்சாலை ஒன்று, தன்னுடைய பழைய இலைக் கணக்குப் பதிவேடுகளை எக்செலில் ஏற்ற விரும்பியது. கணக்கர் அண்ணா முதலில் மாதிரிக்காக 100 வரிகளைக் கொடுத்தார். அதற்கும் கூலி உண்டு என்றார். ஒரு வரியில் தேதி, விவசாயி எண், மொத்த எடை, ஈரத்துக்கான கழிவு, நிகர எடை என ஐந்து கட்டங்கள், சுமார் 25 விசைத்தட்டுகள். வரிக்கு 60 பைசா. மாதிரியின் 500 கட்டங்களில் 6 தவறியிருந்தன. ஆறையும் வரி எண்ணோடு சிவப்பு மையில் குறித்துத் திருப்பித் தந்து, "திருத்திக் கொடுங்கம்மா, கட்டக் கணக்கில் 99 வந்தால் போதும்" என்றார். அந்தச் சிவப்பு மையைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்றும் மறக்கவில்லை.

முதல் வாரம் மணிக்கு 90 வரிகள்தான் முடிந்தன. கையெழுத்துப் பழகுவதிலேயே நேரம் போனது. மூன்றாம் வாரம் 160, இரண்டு மாதத்தில் 200. அதாவது மணிக்கு 5,000 விசைத்தட்டுகள், 120 ரூபாய். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் டேட்டா என்ட்ரி பணிக்குக் கேட்பது மணிக்குக் குறைந்தது 8,000 விசைத்தட்டுகள். அதுவும் தெளிவாக அச்சிட்ட தாளைப் பார்த்து, கால் மணி நேரத் தேர்வில். ஆகவே புதிதாகத் தொடங்குபவர் முதல் மாதத்தில் 4,000, கட்டக் கணக்கில் 99 சதவீதம் என்று வைத்துக்கொள்வதே நியாயம் என்பது என் கருத்து. வேகம் தானாக ஏறும். துல்லியம் சரிபார்ப்பினால்தான் ஏறும்.

அந்தச் சரிபார்ப்பை இலைக் கணக்கே எனக்குக் கற்றுக்கொடுத்தது. மொத்த எடையிலிருந்து கழிவைக் கழித்தால் நிகர எடை வர வேண்டும்.

```
=C2-D2-E2
```

விடை சுழியமாக இல்லாத வரியில் ஏதோ தவறு. பக்கத்தின் அடியில் கணக்கர் எழுதிய கூட்டுத்தொகையோடு என் கூட்டுத்தொகையும் ஒத்துப்போக வேண்டும். சில இடங்களில் பதிவேட்டின் கூட்டலே தவறாக இருந்தது. அங்கே நானாகத் திருத்தாமல் குறிப்பு மட்டும் எழுதினேன். விவசாயி எண்ணில் வரும் பிழை இவற்றில் அகப்படாது. 1436ஐ 1463 என்று அடித்தால் கழித்தல் கணக்கு சரியாகவே இருக்கும், ஆனால் ஒருவருடைய இலை வேறொருவர் பெயரில் ஏறிவிடும். அதனால் எண்ணுக்கு எதிரே பெயர் தானாகத் தோன்றும்படி பட்டியலை இணைத்து, பதிவேட்டில் உள்ள பெயரோடு கண்ணால் ஒப்பிட்டேன். இவை எல்லாம் சேர்ந்த பிறகு 1,000 வரிகளுக்கு, அதாவது 5,000 கட்டங்களுக்கு, நான்கைந்து பிழைகளே மிஞ்சின.

உண்மையான வேலையின் கூலி தெரிந்த பிறகு பழைய ஏற்பாட்டை மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தேன். இலைக் கணக்கில் ஆயிரம் விசைத்தட்டுகளுக்கு 24 ரூபாய். அவர்கள் படிவத்துக்கு 40 ரூபாய் என்றார்கள். ஆயிரம் தட்டுகளுக்கு 133 ரூபாய். கொடுக்கும் எண்ணமே இல்லாதவருக்கு எந்தத் தொகையையும் எழுதலாம்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டு அக்கா தன் மகளுக்கு வந்த ஒரு செய்தியைக் கொண்டுவந்து காட்டினார். 600 பக்கங்கள், ஆறு நாட்கள், 24,000 ரூபாய், பக்க அளவில் 98 சதவீதம். இரண்டு பேரும் உட்கார்ந்து ஆயிரம் தட்டுக்கு என்ன கூலி என்று பார்த்தோம். பிறகு அந்தப் பெண், "பிழைகளை வரி எண்ணோடு பட்டியலிட்டுத் தருவீர்களா, நான் உள்ளிட்டதன் பிரதி என்னிடம் இருக்குமா?" என்று இரண்டே கேள்விகளை எழுதி அனுப்பினாள். செய்தியைப் பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.