முதல் முப்பது வினாடி: ஒரு வார நாட்குறிப்பு

நவம்பர் 8, சனி

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு அக்கவுண்ட்ஸ் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். வியாழக்கிழமை காலை 11 மணிக்கு ரெக்ரூட்டர் கூப்பிடுவார் என்று மெயில் வந்திருக்கிறது. பதினைந்து நிமிடம் பேசுவார்களாம்.

கோவை அண்ணிக்கு போன் போட்டேன். அவங்க ஒரு மில்லில் ஆள் எடுக்கிற பிரிவில் இருக்கிறார்கள், தினமும் இப்படி போன் பேசுகிறவர்கள். "உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டா முக்கால்வாசிப் பேர் ஸ்கூல்ல ஆரம்பிப்பாங்க. அப்பா என்ன பண்றாரு, எந்தக் காலேஜ், எத்தனை பர்சென்ட். ரெஸ்யூமே என் முன்னாடி திறந்திருக்கு, அதையே ஒப்பிச்சா நான் எதை எழுதிக்கிறது?" என்றார்.

அவர் பேசிக்கொண்டே ஒரு படிவத்தை நிரப்புவாராம். இப்போது என்ன வேலை, எத்தனை வருடம், விளம்பரத்தில் கேட்ட வேலையைச் செய்த அனுபவம் உண்டா, ஊர் மாறி வருவாரா, நோட்டீஸ் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு. இதில் முதல் மூன்று கட்டமும் தானாக நிரம்பிவிட்டால் மீதிப் பேச்சு சுலபமாக ஓடும் என்கிறார். அப்படியென்றால் என்னைப் பற்றிச் சொல்லப்போகிற முதல் முப்பது வினாடியை அந்தக் கட்டங்களை வைத்துத்தான் கட்ட வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து மழை. விளம்பரத்தைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் மூன்று விஷயம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: வெண்டர் பேமெண்ட், டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன்.

நான் இருப்பது கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. சொந்தத் தோட்டம் கிடையாது, சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கி அரைக்கிற இடம். ஒவ்வொரு விவசாயிக்கும் மாதம் முழுக்க எடை போட்ட இலையைக் கூட்டி, அந்த மாத விலையில் பெருக்கி, முன்பணம், உரம், வண்டிக்கூலி எல்லாம் கழித்து, மிச்சத்தை அவரவர் பேங்க் கணக்குக்கு அனுப்புவது என் வேலை. ஏறக்குறைய நானூறு பேர்.

இதை நாங்கள் 'இலைப் பட்டுவாடா' என்று சொன்னால் கோத்தகிரியில் எல்லோருக்கும் புரியும். பம்ப் கம்பெனிக்கு ஆள் தேடுகிறவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் செய்கிற காரியம் என்னவோ அவர்கள் கேட்கிற வெண்டர் பேமெண்ட்தான். ஆகவே முதலில் 'சப்ளையர் பேமெண்ட்' என்று சொல்லிவிட்டு, அது யாருக்கு, மாதம் எத்தனை பேருக்கு என்பதைப் பின்னால் வைக்கப் போகிறேன். எண் ஒன்று போதும். இரண்டு மூன்று எண் அடுக்கினால் போனில் கேட்கிறவர் எதையும் பிடித்துக்கொள்ள மாட்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று 11, ஜிஎஸ்டிஆர்-1 என்கிற மாத விற்பனை ரிட்டர்னுக்குக் கடைசி நாள். ஆபீஸில் மூச்சு விட நேரமில்லை. அந்த அவசரத்திலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது: ஜிஎஸ்டி பற்றி எப்படிச் சொல்வது?

'ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிறேன்' என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பில் எல்லாவற்றையும் சரிபார்த்து டேட்டாவைத் தயார் செய்வது வரைதான் நான், ஃபைல் செய்வது ஆடிட்டர். முதல் முப்பது வினாடியில் ஒன்றைக் கூட்டிச் சொன்னால் அதுதான் அடுத்த கேள்வியாக வரும் என்று அண்ணி எச்சரித்தார். உள்ளபடியே சொல்வதாக முடிவு. அதற்குக் கூடுதலாக ஆகிறது நாலு வார்த்தை.

இரவு எழுதி முடித்தது இது:

"வணக்கம் மேடம். நான் இப்போ கோத்தகிரியில ஒரு தேயிலைத் தொழிற்சாலையில அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், நாலு வருஷம் ஆச்சு. சப்ளையர் பேமெண்ட் முழுக்க என் பொறுப்பு. மாசாமாசம் ஏறக்குறைய நானூறு விவசாயிகளுக்கு டேலியில கணக்கு முடிச்சு பேங்க்ல பணம் போட்டுவிடுவேன். ஜிஎஸ்டிக்கு டேட்டா தயார் பண்றதும் நான்தான், ஆடிட்டர் ஃபைல் பண்ணுவார். உங்க விளம்பரத்துல வெண்டர் பேமெண்ட்தான் முக்கிய வேலைன்னு இருந்தது, அதனாலதான் அப்ளை பண்ணேன். கோயம்புத்தூருக்கே வந்துடுவேன், அண்ணன் வீடு இருக்கு. நோட்டீஸ் ஒரு மாசம்."

போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து நிதானமாகச் சொன்னால் முப்பதைத் தொட்டு நிற்கிறது. படிப்பு இல்லை, சம்பளம் இல்லை. சம்பளத்தை அவர் கேட்கட்டும். ஊர் மாறுவதை மட்டும் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் ரெஸ்யூமேயில் நீலகிரி முகவரியைப் பார்த்ததுமே 'இந்தப் பொண்ணு மலையை விட்டு இறங்குமா' என்ற சந்தேகம் வந்திருக்கும். நோட்டீஸ் ஒரு மாதம் என்பது எனக்குச் சாதகம், அதனால் அதற்கும் இடம் கொடுத்தேன். மூன்று மாதமாக இருந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன்.

நவம்பர் 12, புதன்

அண்ணியை ரெக்ரூட்டராக வைத்து ஒத்திகை பார்த்தேன். அவர் சொன்னவற்றில் இரண்டு எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்று, எழுதியதை அப்படியே பார்த்துப் படிக்கிறேன் என்பது போனில் உடனே தெரிந்துவிடுகிறதாம். வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரே சுருதி, மூச்சு விடுவதும் எழுதியவன் விட்ட இடத்தில். ஆகவே தாளைக் கிழித்துவிட்டு ஒரு சின்ன அட்டையில் ஐந்து சொல் மட்டும் எழுதினேன்: நாலு வருஷம், நானூறு, டேட்டா, விளம்பரம், ஊர்.

இரண்டாவது, முடிக்கிற இடம். 'நோட்டீஸ் ஒரு மாசம்' என்றதும் எதிர்முனையில் சத்தம் இருக்காது, அவர் டைப் செய்துகொண்டிருப்பார். அந்த இடைவெளியில் பயந்துபோய் "அப்புறம்... பி.காம். முடிச்சிருக்கேன் மேடம்..." என்று பலர் மறுபடி இழுக்க ஆரம்பிப்பார்கள், அதிலிருந்துதான் உளறல் தொடங்குமாம். நிறுத்தினால் நிறுத்தியதுதான். அவர் பேசுகிற வரை காத்திரு என்றார்.

எங்கள் வீட்டில் மொபைல் சிக்னல் ஒரு கோடுதான், வைஃபை காலிங்கில்தான் ஓட்டுகிறோம். கரண்ட் போனால் ரூட்டரும் போய்விடும், இந்த மழையில் அது எப்போது வேண்டுமானாலும் நடக்கும். அதனால் நாளை பாதி நாள் லீவு போட்டு, டானிங்டன் பக்கம் சிக்னல் நன்றாக இருக்கிற தோழி வீட்டில் உட்காரப் போகிறேன். முன்னுரைக்கும் முன்னால் ஒரு வரி சேர்த்தேன்: "மலையில இருக்கேன் மேடம், லைன் கட்டானா இந்த நம்பருக்கே கூப்பிடலாமா?" சில கம்பெனி எண்களுக்குத் திருப்பிக் கூப்பிட்டால் போகாது, அதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நவம்பர் 13, வியாழன்

11:10-க்கு வந்தது. அவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார், நானும் ஆங்கிலத்திலேயே சொன்னேன். அட்டையில் சொற்கள் மட்டும் இருந்ததால் மொழி மாறியது சிரமமாக இல்லை. நானூறு என்றதும் குறுக்கே புகுந்து, "ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகவா பேங்க்கில் போடுவீர்கள், மொத்தமாகவா?" என்று கேட்டார். மொத்தமாக ஃபைல் ஏற்றுவதைச் சொன்னேன். அப்புறம் டேட்டா, ஆடிட்டர் வரிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஊர் விஷயத்தை அவரே கேட்டுவிட்டார்.

அடுத்த வாரம் மேனேஜருடன் வீடியோவில் பேச வேண்டும். நடுவில் ஒரு மருத்துவமனையிலிருந்தும் கூப்பிடப் போகிறார்கள், அங்கே பில்லிங் வேலை. அதற்கு விளம்பர வரியும் நானூறு பேர் வரியும்தான் மாற வேண்டும். நானூறு பேருக்குக் கணக்கு முடிப்பதற்குப் பதில், கழிவுத் தொகையில் தகராறு என்று கவுண்டருக்கு வருகிற விவசாயிகளிடம் ரசீதைக் காட்டிப் பேசி முடிப்பதைச் சொல்லலாம் என்று இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணியிடம் சொல்லிப் பார்க்க வேண்டும்.